ஜிம், புரோட்டீன், கிட்னி, லிவர்: சேலத்து ஜிம்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறைய புரோட்டீன் சாப்பிட்டா கிட்னி போயிடும்னு வீட்ல திட்டுறாங்க. நிஜமா?

கிட்னி நன்றாக வேலை செய்கிற ஆளுக்கு, ஜிம் பையன்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவில் போகாது. ஆனால் வீட்டில் சொல்வதை வெறும் பழம்பேச்சு என்று தள்ளவும் முடியாது. நாம் சாப்பிடும் புரோட்டீனில் உடம்புக்கு வேண்டியது போக மிஞ்சுவதன் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. புரோட்டீன் கூடினால் வடிகட்டும் வேகமும் சற்றுக் கூடும். இந்த வேகம் வருஷக்கணக்கில் நீடித்தால் வடிகட்டிகள் தேய்ந்துபோகும் என்று 1982இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னரும் அவரது சகாக்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இன்று வீடுவரைக்கும் வந்திருக்கும் பயத்தின் வேர் அங்கேதான்.

சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களிடம் அந்தக் கருத்து பெருமளவு நிற்கிறது. ஆரோக்கியமானவர்களிடம் நிற்கவில்லை. 2018இல் கனடா ஆய்வாளர்கள் 28 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1358 பேர். அதிகப் புரோட்டீன் சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் வடிகட்டும் திறன் மாறிய விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இவை சில வாரங்களோ மாதங்களோ நடந்த சோதனைகள், இருபது வருஷக் கதை இல்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2003இல் வந்த அமெரிக்கச் செவிலியர் ஆய்வு. 1624 பெண்களை 11 ஆண்டுகள் இடைவெளியில் பார்த்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களுக்கு அதிகப் புரோட்டீனால் திறன் குறையவில்லை. ஆரம்பத்திலேயே லேசாகக் குறைந்திருந்தவர்களுக்கு, புரோட்டீன் கூடக்கூட, அதிலும் பால் சாராத அசைவப் புரோட்டீன் கூடக்கூட, இன்னும் குறைந்தது. அதனால் எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன்னால், நம்முடைய கிட்னி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நான் சாப்பிடறது அதிகமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. எடை தூக்கித் தசை வளர்ப்பவர்களுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் கூடிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை.

78 கிலோ எடையுள்ள ஒருவர் நாளைக்கு ஆறு முட்டை (நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊரில் கணக்கு முட்டையில்தான் ஆரம்பிக்கும்), கால் கிலோ சிக்கன், இரண்டு ஸ்கூப் வே பவுடர், இதோடு வழக்கமான சோறு, பருப்பு, பால் என்று சாப்பிடுகிறார் என்று வையுங்கள். முட்டையில் 36 கிராம், சிக்கனில் 55, பவுடரில் 48, மற்றதில் 30. மொத்தம் 169 கிராம், கிலோவுக்கு 2.2 கிராம் வருகிறது. அவருக்குத் தேவை 125. மிச்சமுள்ள 44 கிராம் தசையாகாது. எரிந்துபோகும், அதன் நைட்ரஜன் யூரியாவாகி சிறுநீரில் போகும். ஆரோக்கியமான ஆளுக்கு இதில் ஆபத்து இல்லை, காசுதான் வீண். இரண்டு ஸ்கூப் பவுடரில் கிடைப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

கம்பெனி செக்கப்ல கிரியேட்டினின் 1.38 வந்துச்சு, பக்கத்துல சிவப்புல போட்டிருக்காங்க. புரோட்டீனை நிறுத்திடணுமா?

பதறி எதையும் நிறுத்துவதற்கு முன் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ளவருக்குக் கழிவும் அதிகம். கிரியேட்டின் பவுடர் சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் கிரியேட்டின் உடைந்தால் கிரியேட்டினின்தான். முந்தின நாள் ராத்திரி மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தாலும் ஏறும். கறியிலுள்ள கிரியேட்டின் வேகும்போதே ஓரளவு கிரியேட்டினினாக மாறிவிடுகிறது. ஆக, இரத்தத்தில் இது கூடுவதற்கு இரண்டு வழி உண்டு: சிறுநீரகம் சரியாக வெளியேற்றாமல் தேங்குவது, அல்லது வரத்து அதிகமாவது. ஒரே ஒரு எண்ணை வைத்து எது என்று சொல்ல முடியாது.

சூரமங்கலத்துப் பையன் ஒருவனின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். வயது 27, எடை 78 கிலோ, மேலே சொன்ன அதே சாப்பாடு, தினமும் 5 கிராம் கிரியேட்டின். கிரியேட்டினின் 1.38. யூரியா 44, லேபின் உச்சவரம்பு 40. வடிகட்டும் திறன், அதாவது ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் என்று வருவது, 72. இருபத்தேழு வயதில் 72 என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். "உடனே சிக்கனை நிறுத்து" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள்.

ஈஜிஎஃப்ஆர் என்பதை யாரும் அளப்பதில்லை. கிரியேட்டினினையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். இவன் எவ்வளவு தசை வைத்திருக்கிறான் என்று சூத்திரத்துக்குத் தெரியாது. கிரியேட்டினின் தசையால் ஏறியிருந்தாலும் கிட்னியால் ஏறியிருந்தாலும் அது ஒரே விடைதான் சொல்லும்.

இந்த இடத்தில் இரண்டு பரிசோதனைகள் விஷயத்தைத் தெளிவாக்கும். ஒன்று சிஸ்டாட்டின் சி. உடம்பின் எல்லாச் செல்களிலிருந்தும் வரும் ஒரு சிறிய புரதம் இது, தசையின் அளவும் கறிச்சோறும் இதை அவ்வளவாக அசைப்பதில்லை. அந்தப் பையனுக்கு அது 0.82 வந்தது, அதை வைத்துக் கணக்கிட்டால் திறன் சுமார் 115. இரண்டாவது, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் முதலில் கசிவது அல்புமின். 30க்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு 6. இரத்த அழுத்தம் 118/76. நாலு வாரம் கிரியேட்டினை நிறுத்தி, சோதனைக்கு முந்தின நாள் கறியும் ஒர்க்அவுட்டும் இல்லாமல் போனான். கிரியேட்டினின் 1.12க்கு இறங்கியது, சூத்திரத்திலேயே ஈஜிஎஃப்ஆர் 92 என்று காட்டியது. முட்டையும் சிக்கனும் வழக்கம்போலத்தான் ஓடிக்கொண்டிருந்தன. யூரியா 41, நிறைய புரோட்டீன் சாப்பிடுகிறவர்களுக்கு அது சற்று மேலேதான் நிற்கும்.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று நினைக்க வேண்டாம். சிஸ்டாட்டின் கணக்கும் 60க்குக் கீழே வந்தாலோ, அல்புமின் விகிதம் 30ஐத் தாண்டினாலோ, மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அப்போது ஜிம் டிரெயினரிடம் இல்லை, சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும்.

எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 64. லிவர் போச்சா?

ரிப்போர்ட்டில் 'லிவர்' என்ற தலைப்பின் கீழே அச்சாகிறது என்பதற்காக இந்த இரண்டும் லிவருக்கே சொந்தமானவை அல்ல. எஸ்ஜிஓடி தசையிலும் நிறைய இருக்கிறது, எஸ்ஜிபிடி கொஞ்சம் இருக்கிறது. கனமான எடை தூக்கித் தசைநார்கள் நைந்தால் இரண்டும் இரத்தத்தில் கசியும். 2008இல் ஸ்வீடனில், எடை தூக்கிப் பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்க வைத்துத் தொடர்ந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்தது ஏழு நாள் இரண்டும் உயர்ந்தே இருந்தன. ஆனால் லிவர் கெட்டால் ஏறும் பிலிருபினும் ஜிஜிடியும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் அசையவில்லை.

வழி இதிலேயே இருக்கிறது. எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட உயரமாக இருக்கிறதா, ஜிஜிடி சாதாரணமா, தசைக்கான சிபிகே எகிறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் தசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பத்து நாள் ஜிம்முக்கு விடுப்பு விட்டு மறுபடி எடுத்தால் இரண்டும் இறங்கும். எஸ்ஜிஓடி சீக்கிரம் இறங்கும், எஸ்ஜிபிடி மெதுவாகத்தான் வரும். அதனால் மறுசோதனையில் எஸ்ஜிபிடி கொஞ்சம் மீதியிருந்தால் பயம் வேண்டாம்.

அதற்கு நேர்மாறாக எஸ்ஜிபிடி மேலே நின்று, ஜிஜிடியும் கூடியிருந்தால், ஓய்வுக்குப் பிறகும் இறங்காவிட்டால் அது லிவர்தான். கொழுப்புப் படிவு, மது, ஹெபடைட்டிஸ் பி, சி, நடுவில் விழுங்கிய மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்தப் பட்டியலில் சிக்கனும் முட்டையும் கடைசியில்கூட வராது.

அப்போ ஜிம் பசங்களுக்கு லிவர் கெடறதே இல்லையா? எங்க ஏரியால ஒருத்தருக்கு மஞ்சள் காமாலையே வந்துச்சே.

கெடுகிறது. பெரும்பாலும் புரோட்டீனால் இல்லை, அதோடு கூட வரும் பொருள்களால். முதல் இடம் வாயால் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு. டயனாபால், ஸ்டானோசோலால் போன்றவற்றை லிவர் உடனே சிதைத்துவிடாதபடி அவற்றின் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றமே லிவரைப் பதம் பார்க்கிறது. பித்தநீர் ஓடாமல் தேங்கி, முதலில் உடம்பெல்லாம் அரிப்பு, பிறகு சிறுநீர் கருமஞ்சள், கண் மஞ்சள் என்று வரும். அரிப்பை வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டே நாள் ஓட்டியவர்கள் உண்டு. மருத்துவரிடம் போனால் மாத்திரை எடுத்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வேறெங்கோ தேடி வாரக்கணக்கில் போகும்.

அடுத்தது கொழுப்பைக் கரைக்கும் காப்ஸ்யூல்கள். கிரீன் டீயைச் சுண்டக் காய்ச்சிய சாறு, அஸ்வகந்தா போன்றவற்றால் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டீயாகக் குடிப்பது வேறு, அதன் சாரத்தைக் காப்ஸ்யூலில் அடைப்பது வேறு.

மூன்றாவது, பவுடரே. கொச்சி கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி ஃபிலிப்ஸ் குழு 2024இல் இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைப் பரிசோதித்தது. சுமார் 70 சதவீதத்தில் டப்பாவில் போட்ட புரோட்டீன் அளவு தவறு. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சு, 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம். இந்தப் பூஞ்சை நஞ்சு வருஷக்கணக்கில் உள்ளே போனால் லிவர் புற்றுநோய்க்குக் காரணமாகும் வகை. அதனால் லேபிள் இல்லாத பாக்கெட்டில் கிலோக் கணக்கில் கட்டித் தருகிற பவுடர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பில்லோடு வாங்குங்கள், அதில் மூலிகைக் கலவை எதுவும் சேர்க்காததாகப் பாருங்கள்.

யார் யார் உண்மையிலேயே கவனமா இருக்கணும்?

சர்க்கரை இருப்பவர்களும் பிரஷர் இருப்பவர்களும் முதலில் வருகிறார்கள். கிட்னியை அதிகம் கெடுப்பவை இவை இரண்டும்தான், வலியில்லாமல் கெடுப்பவையும் இவைதான். நாற்பது வயதுக்கு மேல் எடை குறைக்க ஜிம்மில் சேர்ந்து, டிரெயினர் சொன்னார் என்று முதல் மாதத்திலேயே மூன்று ஸ்கூப் ஆரம்பிக்கிறவரைத்தான் நான் உண்மையில் கவலையோடு பார்க்கிறேன். இருபத்து நாலு வயதுப் பையனைவிட அவருக்குத்தான் சோதனை அவசியம், அவர்தான் அதைச் செய்வதில்லை.

அடுத்து, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள். பிறவியிலேயே அப்படி இருக்கலாம், வீட்டில் யாருக்காவது தானம் கொடுத்திருக்கலாம். குடும்பத்தில் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் இருப்பவர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு, ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சின்ன வயதில் முகம் கால் வீங்கிக் கிட்னிக்கு மருந்து சாப்பிட்டவர்கள். பிரசவத்தின்போது பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் வந்த பெண்களும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்று தெரிந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. நோய் நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு உலக வழிகாட்டு நெறி கிலோவுக்கு 0.8 கிராம் என்கிறது, நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3ஐத் தாண்டவே வேண்டாம் என்கிறது. டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு அப்பாவுக்குப் பருப்பையே நிறுத்திவிடும் வீடுகள் இருக்கின்றன. எடை தூக்குவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, ஸ்கூப்பை மட்டும் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 1. வே பவுடர் எடுக்கலாமா?

எடுக்கலாம். கொழுப்பு படிவது கூடுதல் கலோரியாலும் சர்க்கரையாலும், புரோட்டீனால் அல்ல. மாஸ் கெய்னர் மட்டும் வேண்டாம், அது பெரும்பாலும் மாவுச்சத்து. சிரோசிஸ் வரை போனவர்களுக்கும்கூட இன்று புரோட்டீனைக் குறைப்பதில்லை. தசை கரைந்துவிடும் என்பதால் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை கொடுக்கச் சொல்கிறார்கள்.

பவுடர் ஆரம்பிச்சதிலேர்ந்து யூரின் நுரைக்குது.

சாப்பிட்ட புரோட்டீன் அப்படியே சிறுநீரில் வந்து நுரைப்பதில்லை. வேகமாக விழுந்தாலும், தண்ணீர் குறைந்து அடர்த்தியானாலும் நுரை வரும், ஃப்ளஷ் பண்ணுவதற்குள் அடங்கிவிடும். நிமிஷக்கணக்கில் அடங்காமல் தினமும் நின்றால் அல்புமின் விகிதம் பாருங்கள். கடும் ஒர்க்அவுட் முடித்த அன்று மட்டும் பார்க்க வேண்டாம், அன்று ஆரோக்கியமானவருக்கும் கொஞ்சம் கசியும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

சேலம் வெயில்ல கல்லு வருமா?

ஏற்கெனவே கல் வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அசைவப் புரோட்டீன் அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் யூரிக் அமிலமும் கூடுகின்றன, கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறைகிறது. ஏப்ரல், மே வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள ஜிம்மில் ஒன்றரை மணி நேரம் வியர்த்தால் சிறுநீர் சுண்டிப்போகும். எத்தனை லிட்டர் குடித்தோம் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். நாளைக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும், நிறம் வெளிறி இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது, அதில் சிட்ரேட் இருக்கிறது. உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

ஞாயித்துக்கிழமை ஏற்காடு சைக்கிள்ல ஏறிட்டு வந்து கால் வலிக்கு மாத்திரை போடறேன். அது ஓகேவா?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும்விட அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கச் சில வேதிப்பொருள்களை நம்பியிருக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அவற்றையே அடைத்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் வெயிலில் ஏறி இறங்கியவருக்கு வற்றலும் மாத்திரையும் ஒன்றாகச் சேர்கின்றன. தண்ணீர், உப்புக்கரைசல், ஓய்வு இதெல்லாம் முதலில். வலி தாங்கவில்லை என்றால் சரியான அளவில் பாரசிட்டமால் போதும்.

சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனால், தசை வீங்கி மடக்க முடியாமல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை அதிகமாகச் சிதைந்து அதன் நிறமி கிட்னியை அடைக்கும் நிலை அது. ரொம்ப நாள் இடைவெளிவிட்டு வந்து முதல் நாளே நூறு ஸ்குவாட் போட்டவர்களுக்கு இது வரும், புரோட்டீன் ஒரு துளிகூடச் சாப்பிடாதவருக்கும் வரும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்கணும்?

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை: பிரஷர், சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் விகிதம், எஸ்ஜிபிடி, ஜிஜிடி. எல்லாம் சரியாக இருந்து, மேலே சொன்ன எந்த வரிசையிலும் நீங்கள் இல்லை என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். சோதனைக்கு முந்தின நாள் கறி வேண்டாம், அதற்கு முன் ஒரு வாரம் கனமான ஒர்க்அவுட்டும் வேண்டாம். கிரியேட்டின் சாப்பிடுவதை லேபில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிப்போர்ட்டைப் பார்க்கும் மருத்துவரிடமும் வாயால் சொல்லுங்கள்.